ஐந்து டிகிரியில் வளரும் படிகாரம்

பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகப் படிகம் வளர்க்க இறங்கும் பிள்ளைகளிடமிருந்து அடிக்கடி வரும் புகார் இது: நூலில் கட்டித் தொங்கவிட்ட குட்டிப் படிகாரத் துண்டை மறுநாள் காணோம். நூல் இருக்கிறது, முடிச்சு இருக்கிறது, முடிச்சுக்குள் இருந்தது மட்டும் இல்லை. சொன்ன அளவு தண்ணீர், சொன்ன அளவு படிகாரம், சொன்னபடி சூடாக்கி ஆறவைத்தது, எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கும். பிசகு செய்முறைக் குறிப்பில் இருக்கிறது. படிகம் வளர்க்கும் குறிப்புகளில் பல குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அவற்றில் ‘அறை வெப்பநிலை’ என்றால் 20 டிகிரி செல்சியஸ். மதுரையிலோ சென்னையிலோ மின்விசிறிக்குக் கீழே அந்தப் பாட்டில் இருக்கும் அறை 30 டிகிரி. இடையிலுள்ள அந்தப் பத்து டிகிரியில் படிகாரம் வேறு பொருளைப் போல நடந்துகொள்ளும்.

எப்படி என்று எண்களில் பார்த்துவிடலாம். நூறு கிராம் தண்ணீர் 20 டிகிரியில் இருந்தால், அதில் சுமார் 11 கிராம் படிகாரம் கரையும். அதற்கு மேல் போட்டால் அடியில் தங்கிவிடும், எவ்வளவு கலக்கினாலும் கரையாது. அதே தண்ணீர் 30 டிகிரியில் இருந்தால் ஏறக்குறைய பதினாறரை கிராம் கரையும். 40 டிகிரியில் 24 கிராம், 50-இல் 36 கிராம், 60-இல் 57 கிராம். ஏற்றம் ஒரே சீராக இல்லை என்பதைக் கவனியுங்கள். 20-இலிருந்து 30-க்குப் போகும்போது ஐந்து கிராம்தான் கூடுகிறது. 50-இலிருந்து 60-க்குப் போகும்போது இருபது கிராமுக்கு மேல் கூடுகிறது. இந்த அளவுக்குத்தான் கரைதிறன் என்று பெயர். வெப்பநிலையைச் சொல்லாமல் கரைதிறனை மட்டும் சொன்னால், படிகாரத்தைப் பொறுத்தவரை, எதுவும் சொல்லவில்லை என்றே அர்த்தம்.

குறிப்பிட்ட வெப்பநிலையில் இனிமேல் ஏற்க முடியாத அளவுக்குக் கரைபொருளை வாங்கிக்கொண்ட கரைசல் தெவிட்டிய கரைசல். பார்வைக்கு அது அசைவில்லாமல் இருக்கும்; உள்ளே அப்படி இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டவர்கள் எழுந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள், புதிதாக வருகிறவர்கள் உட்கார்ந்துகொண்டே இருக்கிறார்கள், வாசலில் நின்று பார்த்தால் பந்தி எப்போதும் நிறைந்தே இருக்கிறது. தெவிட்டிய கரைசலில் கிடக்கும் படிகத்தின் பரப்பிலும் இதுதான் நடக்கிறது. ஒவ்வொரு கணமும் அதிலிருந்து துகள்கள் கழன்று தண்ணீருக்குள் போகின்றன. அதே எண்ணிக்கையில் தண்ணீரிலிருந்து வந்து ஒட்டவும் செய்கின்றன. போவதும் வருவதும் சமமாக இருக்கும்வரை படிகம் வளராது, தேயாது.

சூடாக்கினால் அந்தச் சமநிலை ஏன் கரையும் பக்கம் சாய்கிறது? படிகாரம் கரைவதற்கு வெப்பம் தேவைப்படுகிறது. படிகத்துக்குள் பொட்டாசியம், அலுமினியம், சல்பேட் அயனிகளும் அவற்றோடு நீர் மூலக்கூறுகளும் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கைப் பிரிப்பதற்கான ஆற்றலில் ஒரு பகுதியைச் சுற்றியுள்ள தண்ணீரிலிருந்தே அது எடுத்துக்கொள்கிறது. வெப்பத்தை வாங்கிக்கொண்டு நடக்கும் மாற்றத்துக்கு மேலும் வெப்பம் கொடுத்தால் அந்த மாற்றம் இன்னும் முன்னேறும். வெப்பத்தை எடுத்துவிட்டால் பின்வாங்கும். பிரெஞ்சு வேதியியலர் லெ சாட்டலியே 1884-இல் சொன்ன விதியின் ஒரு முகம் இது. ஆறவைக்கும்போது படிகம் திரும்பி வருவது இந்தப் பின்வாங்கல்தான்.

எல்லாப் பொருளும் இப்படி இல்லை. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு கரையும்போது சிறிது வெப்பத்தை வெளியே விடும் இனம். அதனால் குளிர்ந்த தண்ணீரில்தான் அது அதிகம் கரையும். கொதிநீரில் கரைவது அதில் பாதிக்கும் குறைவு. சமையல் உப்பு இரண்டு பக்கமும் சேராதது. நூறு கிராம் தண்ணீரில் 30 டிகிரியில் 36 கிராம் கரைகிறது என்றால், 60 டிகிரியில் 37 கிராம் கரைகிறது. அவ்வளவு சூடாக்கி ஆறவைத்தாலும் திரும்பக் கிடைப்பது ஒரு கிராம்தான். வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உப்பளப் பாத்திகளில் கடல்நீரை வெயிலில் வற்றவிட்டே உப்பு எடுக்கிறார்கள் என்பதற்கு இந்த எண்களே போதுமான விளக்கம். குளிரவைத்து உப்பு எடுக்க முடியாது. சர்க்கரை மறுகோடி. அறைச்சூட்டிலேயே தன் எடையைக் காட்டிலும் குறைந்த தண்ணீரில் கரைந்துவிடும். ஆனால் பாகு கெட்டியாகி விடுவதால் துகள்கள் நகர்ந்து வந்து சேர நாளாகும், கற்கண்டுக்குப் பொறுமை வேண்டும். வீட்டில் ஆறும் தண்ணீரிலிருந்து பெரிய, தெளிந்த, முகம் முகமாக வெட்டினாற்போன்ற படிகம் எடுக்கப் படிகாரத்துக்கு இணையாக மளிகைக் கடைப் பக்கம் வேறொன்று இல்லை என்பது என் கணிப்பு.

படிகாரம் நாட்டு மருந்துக் கடையில் கட்டியாகக் கிடைக்கும். சலூனில் சவரம் முடித்ததும் கன்னத்தில் தேய்ப்பதும், கலங்கிய தண்ணீரில் சுழற்றுவதும், கடை வாசலில் திருஷ்டிக்குத் தொங்கவிடுவதும் இதைத்தான். கட்டி பளிங்குபோல் தெரிந்தாலும் அது ஒரே படிகம் அல்ல; ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வளர்ந்த பல படிகங்களின் உடைந்த துண்டு. வாங்கும்போது கவனிக்க இரண்டு விஷயம். தண்ணீர்த் தொட்டியைத் தெளியவைக்க என்று விற்கப்படும் ஒரு வகை வெறும் அலுமினியம் சல்பேட்டாக இருக்கலாம். அது நமக்கு ஆகாது. எவ்வளவு ஆறவைத்தாலும் எண்முகப் படிகம் தராது. இன்னொரு வகையில் பொட்டாசியத்துக்குப் பதில் அம்மோனியம் இருக்கும். ஒரு சிட்டிகைத் தூளை ஈரச் சுண்ணாம்போடு குழைத்து முகர்ந்தால் மூக்கில் ஏறும் அம்மோனியா நெடி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அம்மோனியப் படிகாரமும் அதே எண்முக வடிவில்தான் வளரும், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் இங்கே நான் சொல்லும் கிராம் கணக்கு பொட்டாசியப் படிகாரத்துக்கானது. மற்றதற்கு அளவு கொஞ்சம் மாறும்.

தண்ணீரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. போர்வெல் தண்ணீரில் படிகாரத்தைக் கரைத்தால் கரைசல் பால்போல் கலங்கும். அந்தத் தண்ணீரிலுள்ள பைகார்பனேட்டோடு படிகாரம் வினைபுரிந்து, அலுமினியம் ஹைட்ராக்சைடு என்ற வெண்ணிறக் கூழாகப் பிரிகிறது. ஆற்று வெள்ளத்தின் சேற்றைப் பிடித்து அடியில் இறக்குவது அந்தக் கூழ்தான். குடிநீருக்கு நல்லது, நமக்கோ கரைசல் முழுக்க மிதக்கும் குப்பை. பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் சிறந்தது. சுத்தமாகப் பிடித்த மழைத்தண்ணீரும் நன்றாக இருக்கும், ஆர்.ஓ. தண்ணீர் பரவாயில்லை. பாத்திரம் கண்ணாடி அல்லது எவர்சில்வர். படிகாரக் கரைசல் புளிப்புத் தன்மை உள்ளது, அலுமினியப் பாத்திரம் வேண்டாம். சமையலுக்குத் திரும்பப் போகும் பாத்திரமானால் நன்றாகக் கழுவ வேண்டும். கரைசலைக் குழந்தைகள் குடித்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை விதை. நூறு மில்லி தண்ணீரில் 25 கிராம் தூளைச் சூடாக்கிக் கரைத்து, அகலமான கண்ணாடித் தட்டில் ஊற்றி, தூசி விழாமல் மெல்லிய துணியால் மூடி இரவு முழுக்க அசைக்காமல் விடுங்கள். இந்தக் கரைசல் 41 டிகிரி வாக்கில் தெவிட்டும். அறை 30 டிகிரி என்றால் எட்டு கிராம் அளவுக்குக் குட்டிப் படிகங்களாக அடியில் இறங்கியிருக்கும். காலையில் தட்டைச் சாய்த்துப் பார்த்தால் சிறு முக்கோண முகங்கள் மினுக்கும். தட்டில் படிந்த பக்கம் மட்டும் தட்டையாக இருக்கும், ஏனென்றால் அந்தப் பக்கத்துக்குக் கரைசல் போய்ச் சேரவில்லை. மூன்று, நான்கு மில்லிமீட்டர் அளவில், தனியாக, விரிசலோ வெண்புள்ளியோ இல்லாமல் இருப்பதை இடுக்கியால் எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைப் பிறவியாக ஒட்டி இருப்பது வேண்டாம். அந்தக் கோணல் கடைசிவரை தொடரும்.

கட்டுவதற்குத் தூண்டிலுக்கு வாங்கும் மெல்லிய நைலான் நரம்பு நல்லது. பருத்தி நூல் கட்டுவதற்கு எளிது, ஆனால் அதன் இழைகள் ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிப் படிகம் தொற்றிக்கொள்ளும். நூல் கரைசலை மேலே உறிஞ்சி, தண்ணீருக்கு வெளியேயும் வெள்ளை பூத்துக்கொண்டு போகும். அந்தக் குட்டிகள் எல்லாம் நம் விதைக்குப் போய்ச்சேர வேண்டியதைத் தின்பவை.

இனி முக்கியமான கணக்கு. ஐந்நூறு மில்லி தண்ணீரை எடுத்துக்கொள்வோம். அறை 30 டிகிரி. அந்த வெப்பநிலையில் இத்தனை தண்ணீர் தாங்கும் படிகாரம் சுமார் 83 கிராம். குளிர்நாட்டுக் குறிப்பு 20 டிகிரியை மனதில் வைத்து 60 அல்லது 65 கிராம் போடச் சொல்லும். அங்கே அது தெவிட்டுநிலையைத் தாண்டிய அளவு. இங்கே அந்தக் கரைசல் இன்னும் 20 கிராமுக்குப் பசியோடு இருக்கிறது. அதில் விதையைத் தொங்கவிட்டால் விதைக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதைப் புரிந்துகொண்டவர்கள் செய்யும் எதிர்மாறான வேலை, தண்ணீர் கொள்கிற மட்டும் போடுவது. 50 டிகிரியில் 180 கிராம் கரையும். அதை அப்படியே ஆறவிட்டால் 30 டிகிரிக்கு வரும்போது 97 கிராம் வெளியே வந்தாக வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்தில் அவ்வளவும் ஒரே விதையின் மேல் ஒழுங்காக அடுக்க நேரம் இல்லை. பாட்டிலின் அடியிலும் சுவரிலும் நூலிலும் நூற்றுக்கணக்கான படிகங்கள் முளைத்துவிடும். விதையும் வளரும், ஆனால் வெள்ளையாக, உள்ளே கரைசல் துளிகளைச் சிறைபிடித்துக்கொண்டு. பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். தெளிந்த படிகம் கேட்டவருக்கு அது பயன்படாது.

அறை வெப்பநிலைக்கு ஐந்து டிகிரி மேலே தெவிட்டும்படி கரைசல் செய்வதுதான் நடுவழி. 35 டிகிரியில் நூறு கிராம் தண்ணீருக்கு ஏறக்குறைய 20 கிராம். ஆகவே ஐந்நூறு மில்லிக்கு 100 கிராம் படிகாரம். அது 35-இலிருந்து 30-க்கு இறங்கும்போது வெளியே வர வேண்டியது 17 கிராம். இதில் பெரும்பகுதியும் விதையின் மேல் ஏறினால் எவ்வளவு பெரிய படிகம் கிடைக்கும்? படிகாரத்தின் அடர்த்தி 1.76, பதினேழு கிராம் என்றால் பத்து கன சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒழுங்கான எண்முகியாக இருந்தால் ஒவ்வொரு விளிம்பும் 2.7 சென்டிமீட்டர், உச்சியிலிருந்து உச்சிக்கு ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர். ஐந்து டிகிரி ஆறியதற்கு இது கைநிறையக் கூலி. நடைமுறையில் கொஞ்சம் அடியிலும் இறங்கிவிடும் என்பதால் இதைவிடச் சிறியதாகவே கிடைக்கும்.

வேறு ஊரிலோ மார்கழி மாதத்திலோ செய்கிறவர்கள் 100 கிராம் என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. அறை 25 டிகிரி என்றால் 30 டிகிரிக்கான அளவு, அதாவது 83 கிராம்தான் போட வேண்டும். சமையலறைத் தராசும் ஒரு வெப்பமானியும் இருந்தால் போதும். எடைத் துல்லியத்தைவிட வெப்பநிலைத் துல்லியம் இங்கே முக்கியம். ஐந்து கிராம் கூடிப்போனால் தெவிட்டும் வெப்பநிலை ஒன்றரை டிகிரிகூட நகராது.

நூறு கிராமையும் 60 டிகிரி வரை சூடாக்கிய தண்ணீரில் முழுக்கக் கரையுங்கள். 35 டிகிரியிலேயே கரையக்கூடியதை ஏன் அவ்வளவு சூடாக்க வேண்டும் என்றால், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது. ஒவ்வொன்றும் ஒரு விதைதான். கொதிக்கவிட வேண்டாம், தண்ணீர் ஆவியாகிக் கணக்கு மாறிவிடும். சூடாக இருக்கும்போதே புனலில் பஞ்சு வைத்தோ கனத்த வெள்ளைத் துணியை நான்காக மடித்தோ வடிகட்டி, வாய் அகன்ற கண்ணாடி ஜாடியில் ஊற்றுங்கள்.

இப்போது கரைசல் ஆறி வருகிறது. 35-ஐத் தாண்டிக் கீழே போனாலும் உடனே ஒன்றும் நடக்காது. தாங்க வேண்டியதைவிட அதிகமாகத் தாங்கிக்கொண்டு தெளிவாகவே நிற்கும். இதற்கு அதிதெவிட்டிய கரைசல் என்று பெயர். புதிதாக ஒரு படிகம் வெறும் தண்ணீருக்குள் பிறப்பது கடினமான காரியம். சில அயனிகள் தற்செயலாகச் சேர்ந்தாலும், ஒரு அளவுக்கு மேல் பெருக்காவிட்டால் திரும்பவும் சிதறிவிடும். தூசியோ கண்ணாடிக் கீறலோ ஏற்கெனவே வளர்ந்த படிகமோ இருந்தால் அந்தத் தடை இல்லை. நாம் தொங்கவிடும் விதை இந்த இடைவெளியைத்தான் பயன்படுத்துகிறது: புதிய படிகம் பிறக்கப் போதாத, ஆனால் இருக்கும் படிகம் வளரப் போதுமான அதிதெவிட்டல். ஐந்து டிகிரி என்று அடக்கமாக வைத்ததன் காரணமும் இதுவே.

விதையை இறக்க வேண்டிய நேரம் 34 டிகிரி வாக்கில். வெப்பமானி இல்லாதவருக்கும் ஒரு வழி இருக்கிறது, எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த பகுதி அது. வேண்டாத ஒரு குட்டிப் படிகத்தை நரம்பில் கட்டி இறக்கி, ஜாடிக்குப் பின்னால் டார்ச் விளக்கைப் பிடித்து, படிகத்தைச் சுற்றியுள்ள கரைசலைக் கூர்ந்து பாருங்கள். படிகத்திலிருந்து கானல்போல நெளியும் மெல்லிய இழை ஒன்று தெரியும். அது கீழ்நோக்கி இறங்கினால் படிகம் கரைகிறது: கரைந்து கனமான கரைசல் கீழே வழிகிறது. மேல்நோக்கி எழுந்தால் படிகம் வளர்கிறது: சரக்கைக் கொடுத்துவிட்டு இலேசான கரைசல் மேலே போகிறது. இழையே தெரியவில்லை என்றால் கரைசல் தெவிட்டுநிலைக்குப் பக்கத்தில் நிற்கிறது. விளிம்புகள் மழுங்கினால் கரைகிறது, கூர்மையாகவே நின்றால் இல்லை என்பது ஐந்து நிமிடத்தில் தெரியும் இன்னொரு அடையாளம். இழை மேலே எழத் தொடங்கியதும் நல்ல விதையை இறக்கலாம். ஜாடியின் நடுவில், அடியிலிருந்தும் சுவரிலிருந்தும் விலகி நிற்கட்டும்.

அதன்பின் செய்ய வேண்டியது ஆறுவதைத் தாமதப்படுத்துவது. ஜாடியைத் திறந்த மேசையில் விடாமல், அதே சூட்டில் தண்ணீர் நிரப்பிய பெரிய வாளிக்குள் நிறுத்தி, வாளியை மூடிப் பழைய போர்வையால் சுற்றிவிடுங்கள். மீன் கொண்டுபோகும் தெர்மோகோல் பெட்டி கிடைத்தால் இன்னும் உத்தமம். வாளித் தண்ணீரின் அளவுக்கும் போர்வையின் கனத்துக்கும் ஏற்ப அந்த ஐந்து டிகிரி இறங்க ஓர் இரவோ ஒரு நாளோ ஆகும். எவ்வளவு மெதுவோ அவ்வளவு தெளிவு. வரும் அயனிகளுக்குத் தங்கள் இடத்தைத் தேடி உட்கார நேரம் கிடைக்கிறது; இடம் மாறி உட்கார்ந்தவை கழன்று திரும்பி வரவும் நேரம் கிடைக்கிறது.

நம் ஊர் வீடுகளில் பலரும் கவனிக்காதது பகல் சூடு. காலை 30 டிகிரியாக இருந்த அறை பிற்பகல் 32 ஆகிறது என்று வைப்போம். ஐந்நூறு மில்லி தண்ணீர் அந்த இரண்டு டிகிரிக்கு இன்னும் ஆறு கிராம் படிகாரத்தைக் கரைத்துக்கொள்ளும். நாம் கட்டிய நான்கு மில்லிமீட்டர் விதையின் எடை 0.05 கிராம். அதைப்போல் நூறு விதைகளைக் கரைத்துவிட்டும் அந்தத் தண்ணீருக்குப் போதாது. எனவே காலையில் விதை கட்டுவது வீண் வேலை. மாலையில், வெயில் தாழ்ந்த பிறகு, வெப்பநிலை இறங்குமுகமாக இருக்கும்போது தொடங்குங்கள். விடிவதற்குள் விதை பட்டாணி அளவையாவது தாண்டியிருக்கும். பிறகு பகல் சூட்டில் சிறிது இழந்தாலும் முழுதாகக் காணாமல் போகாது. மாடி வீட்டு ஓட்டுக்குக் கீழே வைப்பதைவிடக் கீழ்த்தள அறையின் உள்மூலையில் வைப்பது மேல். ஏ.சி. அறை தோதாகத் தெரியும். ஆனால் அது இயங்கும்போது ஒரு வெப்பநிலை, நிறுத்தியதும் வேறு. இரவு மட்டும் ஏ.சி. ஓடும் அறையில் படிகம் இரவில் வளர்ந்து பகலில் தேயும்.

முதல் சுற்று முடிந்து கரைசல் அறைச் சூட்டுக்கு வந்துவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும். படிகத்தை எடுத்து, தண்ணீரில் கழுவாமல், டிஷ்யூ தாளில் ஒற்றி வையுங்கள். குழாய்த் தண்ணீரில் காட்டினால் பளபளத்த முகங்கள் நொடியில் மங்கும். மிஞ்சிய தாய்க்கரைசலோடு அடியில் கிடக்கும் குட்டிப் படிகங்களையும் சேர்த்துச் சூடாக்கி, விதை எடுத்துக்கொண்ட எடைக்குச் சமமாகப் புதுப் படிகாரம் போட்டால் மறுபடி 35 டிகிரிக் கரைசல் தயார். வடிகட்டி, ஆறவைத்து, இழை மேலே எழுவதைப் பார்த்துவிட்டுப் படிகத்தை இறக்க வேண்டியதுதான். சுற்றுகள் கூடக் கூட ஜாடியும் பெரிதாக வேண்டும், இல்லாவிட்டால் படிகத்தின் பக்கங்கள் சுவரை நெருங்கிச் சரிவர வளராது. வெயில் நாளில் வாளி வேலை அலுத்துப்போனவர்கள் இன்னொரு வழியையும் கையாளலாம்: தெவிட்டிய கரைசலைத் துணியால் மட்டும் மூடி, மெதுவாக வற்றவிடுவது. 30 டிகிரியில் நூறு மில்லி தண்ணீர் ஆவியாகும்போது பதினாறரை கிராம் படிகாரம் வெளியேறியாக வேண்டும். உப்பளத்து முறைதான் இது. வாரக்கணக்கில் இழுக்கும், பகல் சூட்டின் ஏற்ற இறக்கமும் கூடவே இருக்கும். நான் ஆறவைக்கும் பக்கமே நிற்பேன்.

அடியில் புதிய படிகங்கள் மளமளவென்று முளைத்தால் கரைசல் வேகமாக ஆறியது அல்லது தூசி விழுந்தது. நம் படிகத்தின் மேலேயே குட்டிகள் ஒட்டி வளர்ந்தால், தட்டில் இருந்தபோதே அதன் மேல் தூள் ஒட்டியிருந்தது என்று பொருள். அதைத் தடுக்க, கட்டிய விதையை 35-க்கு ஒரு டிகிரி மேலே இருக்கும் கரைசலில் ஒரு நிமிடம் மட்டும் தோய்த்தெடுக்கும் பழக்கம் உதவும். மேலே ஒட்டிய தூள் கரைந்து போய்விடும், விதைக்குச் சேதம் தெரியாது. உள்ளே வெண்மேகம் படர்ந்திருந்தால் அந்த இடம் வளர்ந்த வேளையில் வேகம் கூடியிருந்தது. படிகத்தின் குறுக்கே மேகப் பட்டையும் தெளிந்த பட்டையும் மாறி மாறித் தெரிந்தால் அவை ஒவ்வொரு இரவும் பகலும் விட்டுச் சென்றவையாக இருக்கக்கூடும்.

நன்றாக வளர்ந்ததை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் எட்டு முக்கோண முகங்கள். சில பெரிதாகவும் சில சிறிதாகவும் இருக்கும். தொங்கிய நிலையில் எந்தப் பக்கத்துக்குக் கரைசல் அதிகம் வந்ததோ அந்தப் பக்கம் வேகமாக நகர்ந்திருக்கும். ஆனால் அடுத்தடுத்த இரண்டு முகங்களுக்கு இடையிலுள்ள கோணத்தை அளந்தால் குட்டிப் படிகத்திலும் பெரிய படிகத்திலும், ஒழுங்கானதிலும் கோணலானதிலும், ஒரே அளவு: 109 டிகிரியும் ஏறக்குறைய அரை டிகிரியும். டென்மார்க்கைச் சேர்ந்த நிக்கோலஸ் ஸ்டெனோ 1669-இல், குவார்ட்ஸ் படிகங்களைப் பார்த்து, முகங்களின் அளவு மாறினாலும் கோணம் மாறாது என்று கண்டறிந்தார். தடித்த அட்டையில் பாகைமானி வைத்து அந்தக் கோணத்தை வெட்டி, படிகத்தின் விளிம்பில் பொருத்திப் பார்க்கலாம். ஒரு டிகிரிக்கு மேல் இடைவெளி தெரிந்தால் குறை அட்டை வெட்டியதில்தான் இருக்கும்.

வளர்ந்த படிகத்தை எப்படிப் பாதுகாப்பது என்பதற்கு அதன் உள்ளடக்கம் தெரிய வேண்டும். நூறு கிராம் படிகாரத்தில் 45 கிராமுக்கு மேல் தண்ணீர். ஈரமாகத் தெரியாத, அயனிகளோடு சேர்ந்து அடுக்கில் உட்கார்ந்திருக்கும் தண்ணீர். சித்த மருத்துவத்தில் படிகாரத்தைச் சட்டியில் பொரிப்பார்கள். அப்போது அது முதலில் தன் தண்ணீரிலேயே உருகிக் கொதித்து, பிறகு இலேசான வெண்ணுரைபோல் உப்பிக் காய்ந்துவிடும். வெளியேறுவது இந்தப் படிக நீர். 92 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் அடுப்புக்குப் பக்கத்திலோ வெயில் விழும் ஜன்னலிலோ வைக்கக் கூடாது. சாதாரண அறையில்கூட, காற்று வறண்டிருந்தால், மேற்பரப்பு மெல்ல நீரிழந்து வெள்ளை பூக்கும். டிஷ்யூவால் ஒற்றி நன்கு உலர்ந்த படிகத்துக்கு நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு, முதல் பூச்சு காய்ந்த பிறகு இரண்டாவது. தூரிகை படாத இடம் நரம்பு வெளியே வரும் முனைதான். நரம்பை ஒட்ட நறுக்கிவிட்டு அங்கே ஒரு துளி வைத்துவிட்டால் முடிந்தது.